ரெண்டாவது ஐ.வி.எஃப்.பும் நெகட்டிவ்: தங்கச்சி பேசுறதே இல்ல, மாப்பிள்ளை அடுத்ததுக்கு அவசரப்படுறார்

நூல்கண்டு எழுதியது:

தங்கச்சிக்காகக் கேட்கிறேன். வயசு 33, கல்யாணமாகி 8 வருஷம். குழந்தைக்காக நாலு ஐ.யூ.ஐ., ரெண்டு ஐ.வி.எஃப். ரெண்டாவது தடவை ஒரு கரு வெச்சாங்க, பதினாலாம் நாள் பீட்டாங்கிற ரத்த டெஸ்ட்ல நெகட்டிவ். அது நடந்து அஞ்சு வாரம் ஆச்சு. இன்னும் ரெண்டு கரு ஃப்ரீசர்ல இருக்கு. அடுத்த மாசமே வெச்சுடலாம்னு மாப்பிள்ளை நிக்கிறார். இவ ஆமாம்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. சமையல் பண்றா, வேலைக்குப் போறா, ராத்திரி மூணு மணிக்கு முழிச்சு ஹால்ல உட்கார்ந்திருக்கா. ரெண்டு பேரும் பேசிக்கிறதே மாத்திரை நேரத்தைப் பத்தி மட்டும்தான்.

இதுக்கு நடுவுல, இவளோட நாத்தனாருக்கு 20-ஆம் தேதி வளைகாப்பு. போகணுமா, போகாம இருக்கலாமா? அதோட, இது சாதாரண வருத்தமா, டாக்டர்கிட்ட காட்ட வேண்டியதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

---

கரிசல்_காற்று எழுதியது:

சிஸ்டர், முதல்ல அவங்களை டென்ஷன் இல்லாம வெச்சுக்கோங்க. மனசுல பாரம் இருந்தா கரு ஒட்டாது, ரெண்டு தடவையும் அதனாலதான் ஃபெயில் ஆகியிருக்கும். பத்து நாள் கொடைக்கானல் எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க. இந்தப் பேச்சையே எடுக்காதீங்க. சிரிச்சிட்டு இருந்தா தானா நடக்கும்.

---

மாடித்தோட்டம் எழுதியது:

எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லலையே? எனக்கு முட்டை இருப்பைக் காட்டுற ஏ.எம்.எச். ரொம்பக் கம்மி. ஒரு இடத்துல மூணு தடவை ஆகாம, இடம் மாத்தினதும் மருந்தோட அளவையே மாத்திட்டாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, கரு ரிப்போர்ட் எல்லாம் கையில வாங்கி வெச்சுக்கோங்க. வேணும்னா தனிமடல்ல பேர் சொல்றேன்.

---

பேச்சுத்துணை எழுதியது:

மாடித்தோட்டம், அவங்க கேட்டது ஆஸ்பத்திரியைப் பத்தி இல்லைங்க. ஆனா ரிப்போர்ட்டை வாங்கி வைக்கச் சொன்னது நல்ல விஷயம், அதுக்குப் பின்னாடி வரேன்.

கரிசல் சொன்னதை அப்படியே விட்டுட முடியாது. இது அந்தப் பொண்ணு காதுல விழுந்தா, தோத்ததுக்கும் தானே காரணம்னு நினைச்சுக்குவா. 2011-ல பி.எம்.ஜே. இதழ்ல 14 ஆய்வுகளைச் சேர்த்து, மொத்தம் 3,583 பெண்களோட விவரத்தை வெச்சுப் பார்த்தாங்க. சிகிச்சைக்கு முன்னாடி கவலையோ சோர்வோ இருந்ததுக்கும் அந்தச் சுழற்சியில கர்ப்பம் தங்காததுக்கும் தொடர்பு கிடைக்கல. அழுதா கரு விழுந்துடாது. சிரிச்சா ஒட்டிக்கவும் செய்யாது. மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்க்கிறது அந்தப் பொண்ணு நல்லா இருக்கிறதுக்காக. கரு தங்குறதுக்காகன்னு சொன்னா அதுவும் இன்னொரு பரீட்சை ஆயிடும்.

கரிசல் சொன்னதுல ஒரு பாதி சரி. மனசு தாங்காததால சிகிச்சையைப் பாதியில விட்டுடறவங்க நிறைய. அந்த வழியில மனசு முடிவைப் பாதிக்கத்தான் செய்யுது.

இப்போ உங்க கேள்வி. கரு வெச்சதுக்கப்புறம் ப்ரொஜெஸ்டிரான் ஹார்மோன் கொடுத்திருப்பாங்க. நெகட்டிவ்னதும் நிறுத்துவாங்க, சில நாள்ல பீரியட் வரும். அந்த ஒரு வாரம் பத்து நாள் மனசு கீழ போறதுல ஹார்மோனுக்கும் பங்கு இருக்கு. அஞ்சு வாரம் கழிச்சும் அதே காரணத்தைச் சொல்ல முடியாது.

துக்கம் அலை மாதிரி வரும். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்தா பொங்கும், அரைமணி கழிச்சு டீ குடிக்கத் தோணும், யாராவது ஜோக் சொன்னா சிரிப்பும் வரும். சோர்வு நோய் வேற மாதிரி. எதுவுமே வேண்டாம்னு தட்டையா, நாள் முழுக்க, ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும். கூடவே “நான் எதுக்கும் லாயக்கில்ல”ங்கிற நினைப்பும் இருக்கும். ரெண்டும் ஒண்ணா இருக்கவும் செய்யும், அதனால வெளியில இருந்து பார்த்து ஊகிக்காதீங்க.

பி.எச்.க்யூ-9-னு ஒன்பது கேள்வித் தாள் இருக்கு. கடந்த ரெண்டு வாரத்துல ஒவ்வொரு தொந்தரவும் எத்தனை நாள் இருந்ததுன்னு 0-லேருந்து 3 வரை மார்க் போடணும். அவங்களே போடட்டும், நீங்க அவங்களுக்காகப் போட வேண்டாம். போட்டா இங்க எழுதுங்க. சமீபத்துல தைராய்டு டி.எஸ்.எச். பார்த்தாங்களான்னும் சொல்லுங்க. தைராய்டு குறைஞ்சாலும் தூக்கம், அசதி, மந்தம் எல்லாம் இதே மாதிரி வரும்.

---

நூல்கண்டு எழுதியது:

நேத்து உட்கார்ந்து போட்டா. ஆர்வமில்லாதது 2, மனசு வாடினது 2, தூக்கம் 3, அசதி 2, சாப்பாடு 1, தன்னைத் தோல்வின்னு நினைக்கிறது 3, கவனம் 1, உடம்பு மந்தமாகவோ பரபரப்பாகவோ இருக்கிறது 0. கடைசிக் கேள்விக்கு 1. அந்த ஒண்ணைப் பார்த்ததிலேருந்து எனக்குத்தான் தூக்கம் போச்சு. டி.எஸ்.எச். சைக்கிள் ஆரம்பிக்கும்போது பார்த்தாங்க, நார்மல்.

---

பேச்சுத்துணை எழுதியது:

மொத்தம் 15. பத்தோ அதுக்கு மேலயோ வந்தாலே நேர்ல பார்க்கணும், 15-லேருந்து 19 வரைக்கும் ஓரளவு கடுமையான நிலை. இது நோயைத் தீர்மானிக்கிற கருவி இல்ல. ஆனா காத்திருக்காம சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட காட்ட இந்த எண்ணே போதும். தூக்கம், அசதி, சாப்பாடு மூணையும் உடம்புக் காரணம்னு ஒதுக்கினாலும் மிச்சம் 9, அதுல தோல்வி நினைப்புக்கே 3. இந்தத் தாளை மடிச்சு பையில வெச்சு டாக்டர்கிட்ட அப்படியே கொடுங்க. வாயால திரும்பச் சொல்றது அவங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு பாருங்க.

கடைசிக் கேள்வி, இல்லாமப் போயிட்டா நல்லா இருக்கும்னோ தன்னை வருத்திக்கணும்னோ தோணுதாங்கிறது. அதுல பூஜ்ஜியம் தவிர எது வந்தாலும் நேரடியாக் கேட்கணும். “சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?” இப்படிக் கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடும்னு பயப்பட வேண்டாம், அப்படி வராது. பெரும்பாலும் கேட்டதும் பாரம் கொஞ்சம் இறங்கும். “எப்படி”ங்கிறதுக்குப் பதில் இருந்தா அன்னிக்கே டாக்டர், தனியா விடவே கூடாது. மிச்சம் கிடக்கிற மாத்திரைங்களையும் எடுத்து வேற வீட்டுல வைங்க. ராத்திரி அவசரம்னா 108. பேசணும்னா 14416, டெலிமானஸ், மத்திய அரசு நடத்துறது, 24 மணி நேரமும் காசில்லாம பேசலாம், தமிழ்லயும் பேசுறாங்க.

---

நூல்கண்டு எழுதியது:

கேட்டேன். “சாகணும்னு இல்ல, காலைல எழுந்திருக்காம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது”ன்னா. எப்படின்னு யோசிச்சதில்லையாம். வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு.

---

வெள்ளாறு எழுதியது:

வியாழக்கிழமை வரைக்கும் ராத்திரி யாராவது கூட இருங்க அக்கா.

எல்லாரும் தங்கச்சியைப் பத்தியே பேசுறீங்க, மாப்பிள்ளை பக்கமும் கொஞ்சம் பாருங்க. “அடுத்த மாசமே வெச்சுடலாம்”னு சொல்றவர் இரக்கமில்லாதவர்னு எடுத்துக்காதீங்க. நிறைய ஆம்பளைங்களுக்குத் துக்கம் வேலையா மாறிடும். தேதி, பணம், அடுத்த அப்பாயின்ட்மென்ட்னு ஓடிட்டே இருந்தா உட்கார்ந்து அழ வேண்டியதில்ல. அவங்க “என்னால முடியல”ன்னா இவரு “பார்த்துக்கலாம் விடு”ம்பாரு. இவரு தைரியம் சொல்றதா நினைச்சு சொல்வாரு. அவங்க காதுல “உன் பேச்சு வேண்டாம்”னு விழும். அடுத்த தடவை அவங்க வாயே திறக்க மாட்டாங்க. இப்படித்தான் மாத்திரை நேரம் மட்டும் மிஞ்சுது.

ஒரு வழி சொல்றேன், கவுன்சிலிங்ல சொல்லித் தருவாங்க. ஒரு நாளைக்கு இருபதே நிமிஷம் இதைப் பத்திப் பேசணும். செல்போன்ல அலாரம் வெச்சுக்கோங்க. முதல் பத்து நிமிஷம் ஒருத்தர், அடுத்த பத்து இன்னொருத்தர். கேட்கிறவர் யோசனை சொல்லக் கூடாது, “சரி, அப்புறம்?”னு மட்டும் கேட்கலாம். அலாரம் அடிச்சதும் நிறுத்திடணும், மிச்சம் நாளைக்கு. இதுல ரெண்டு வசதி. இன்னும் பேசணுமேன்னு பயந்து ஓடுறவருக்கு ஒரு எல்லை தெரியும். பேச இடமே இல்லைன்னு தவிக்கிறவங்களுக்குத் தினம் ஒரு இடம் கிடைக்கும்.

கெட்டுப்போறது எங்கன்னா, படுக்கும்போது பதினொரு மணிக்கு ஆரம்பிப்பாங்க. அப்புறம் தூக்கமே வராது. சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு வெச்சுக்கோங்க. மாமியார் இருக்கிற வீடுன்னா மொட்டை மாடி, இல்லைன்னா வண்டியில ஒரு ரவுண்டு. வண்டியில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து பேசினா, முகத்தைப் பார்க்க வேண்டாததால ஆம்பளைங்களுக்கு வாய் கொஞ்சம் சுலபமா வரும். சோர்வு இப்படி 15 மார்க் அளவுக்கு இருக்கும்போது முதல் சில நாள் அஞ்சு நிமிஷமே போதும்.

---

ஆய்வக_ஆள் எழுதியது:

எம்பிரியாலஜி லேப்ல வேலை. அந்த அவசரத்தைப் பத்தி ஒரு வார்த்தை.

ரெண்டு கருவும் ஃப்ரீசர்ல இருக்குன்னு சொல்றாங்க, உண்மையில அது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். அங்க கருவுக்கு வயசு ஏறாது. எடுத்தப்போ அவங்களுக்கு என்ன வயசோ அதே வயசுக் கருதான் மூணு மாசம் கழிச்சும். செயற்கைக் கருத்தரிப்புக்கான நம்ம 2021 ஏ.ஆர்.டி. சட்டத்துல பத்து வருஷம் வரைக்கும் பாதுகாக்கலாம்னு இருக்கு, வருஷா வருஷம் கட்டணம் கட்டினாப் போதும். மூணு மாசம் தள்ளினா வாய்ப்பு போயிடும்ங்கிற பயத்துக்கு இங்க காரணமில்ல. மறுபடி முட்டை எடுக்கணும், வயசு 38, 40-ன்னா கதை வேற, அங்க மாசக் கணக்கு முக்கியம். 33 வயசுல கையில ரெண்டு கரு இருக்கிறவங்களுக்கு இது பொருந்தாது. மாப்பிள்ளைகிட்ட இதை லேப்காரங்க வாயால சொல்ல வைங்க, நீங்க சொன்னா மனைவி பக்கம் பேசுறதாத் தோணும்.

இன்னொண்ணு யாரும் கேட்கல, ஆனா தம்பதிக்குள்ள விரிசல் வர்றதுல இதுக்குப் பெரிய பங்கு. கேட்கிற தேதிக்குக் கணவரால விந்து சாம்பிள் கொடுக்க முடியாமப் போறது. வரிசையில உட்கார வெச்சு, ஒரு சின்ன ரூமைக் காட்டி, “சார், சீக்கிரம்”னா எத்தனை பேரால முடியும்? முடியாதவர் வீட்டுக்குப் போய் பேசவே மாட்டார். முன்னாடியே ஒரு நாள் கொடுத்து ஃப்ரீஸ் பண்ணிடலாம், முட்டை எடுக்கிற அன்னிக்கு அது ஒரு கையிருப்பா இருக்கும். வீட்டுலேயே எடுத்துட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள, உடம்புச் சூட்டோட, சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டு வந்து கொடுக்கவும் பல இடத்துல ஒத்துக்குவாங்க. லேப்ல வெட்கப்படாமக் கேட்கலாம், தினம் கேட்கிற கேள்விதான்.

---

மாடித்தோட்டம் எழுதியது:

நான் முதல்ல தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், மன்னிக்கணும். அந்த ரிப்போர்ட்டை வெச்சு ஐ.வி.எஃப். டாக்டர்கிட்ட கேட்க வேண்டியதுன்னு ஒண்ணு சொல்றேன்: எத்தனை முட்டை வந்தது, எத்தனை முதிர்ந்தது, எத்தனை அஞ்சாம் நாள் வரைக்கும் வந்தது, அடுத்த தடவை எதை மாத்தப் போறீங்க. கடைசிக் கேள்விக்கு “அதேதான் செய்வோம்”னு பதில் வந்தா, ஏன்னு கேட்கணும். தெளிவாத் தெரிஞ்சா, என் உடம்புதான் ஆகாததுங்கிற நினைப்பு கொஞ்சம் குறையும்.

---

பேச்சுத்துணை எழுதியது:

அந்தச் சந்திப்புக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போகட்டும். மனைவி மட்டும் போய்ட்டு வந்து கணவருக்கு ஒப்பிக்கிற பழக்கத்துல, கெட்ட சேதி சொல்ற வேலை எப்பவும் அவங்க தலையிலேயே விழுது. அங்கேயே ஒரு எல்லையும் பேசிக்கலாம்: மிச்ச ரெண்டு கருவையும் வைப்போம், அதுக்கு மேல முட்டை எடுக்கறதா வேண்டாமான்னு ஆறு மாசம் கழிச்சு மறுபடி உட்கார்ந்து யோசிப்போம். எல்லை போட்டா நம்பிக்கை போயிடும்னு பயப்படுறவங்க உண்டு. முடிவு தேதி தெரியாத காத்திருப்புதான் ஆளை அதிகமாத் தேய்க்கிறதுன்னு நான் நினைக்கிறேன்.

---

திண்ணைக்காரி எழுதியது:

வளைகாப்புக்கு யாரும் பதில் சொல்லலையே.

இங்க சிக்கல் பந்தியிலயோ பரிசுலயோ இல்ல, மனையில. சில வீட்டுல மாசமா இருக்கிறவளுக்கு வளையல் போட்டு முடிச்சதும், குழந்தை இல்லாதவளைக் கூப்பிட்டு அதே மனையில உட்கார வெச்சு ரெண்டு வளையல் போடுவாங்க, அடுத்து உனக்குத்தான்னு. நல்ல மனசோடதான் செய்வாங்க. ஆனா ஊரே பார்க்க நெகட்டிவ்னு முத்திரை குத்தின மாதிரி இருக்கும். இன்னும் சில வீட்டுல அதுக்கு நேர் எதிர், வளையல் போடவே கூப்பிட மாட்டாங்க, தள்ளி நிக்கச் சொல்லுவாங்க. ரெண்டுல எது உங்க வீட்டு வழக்கம்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க.

போறதா இருந்தா: நாத்தனார்கிட்ட முந்தின நாளே தனியாப் போய் புடவையும் வளையலும் கொடுத்துட்டு வந்துடலாம். விழா அன்னிக்கு ஆரம்பத்துல வந்து, சாப்பாட்டுக்கு முன்னாடி கிளம்பலாம். மனைக்குக் கூப்பிட்டா தடுக்கிற பொறுப்பு மாப்பிள்ளையோடது, தங்கச்சியோடது இல்ல. அவரே அம்மாகிட்ட முன்கூட்டி, “இவளை உட்கார வைக்காதீங்க, அவளுக்குக் கஷ்டமா இருக்கும்”னு சொல்லிடணும். யாராவது “என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?”ன்னு கேட்டா, ஒரே வாக்கியத்தை முன்னாடியே வாயில வெச்சுக்கட்டும்: “இருந்தா நானே சொல்றேன் அத்தை, சாப்பிட்டீங்களா?” கடைசி ரெண்டு வார்த்தையில பேச்சு திரும்பிடும்.

இந்த நிலையில போகவே வேண்டாம்னுதான் எனக்குத் தோணுது. 15 மார்க் வாங்கின பொண்ணு ஒரு விழாவுக்குப் போகலைன்னா ஒண்ணும் குடி முழுகிடாது.

---

வெள்ளாறு எழுதியது:

நான் ஒத்துக்க மாட்டேன். போகாம இருந்தா “பொறாமை, மனசு சரியில்லை”ன்னு பத்து வருஷத்துக்குப் பேசுவாங்க. அந்த பேச்சு வளைகாப்பைவிட அதிகமா வலிக்கும். முன்கூட்டிச் சொல்லிட்டு, அரைமணி நேரம் தலையைக் காட்டிட்டு வரலாம்.

---

திண்ணைக்காரி எழுதியது:

பேசுறவங்க எப்படியும் பேசத்தான் போறாங்க. போனா “மூஞ்சி எப்படி இருந்தது பார்த்தியா?”ன்னு பேசுவாங்க.

---

கரிசல்_காற்று எழுதியது:

கொடைக்கானலை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா இது ஒண்ணு. சைக்கியாட்ரிஸ்ட்னா உடனே மாத்திரை எழுதுவாங்க, அதைச் சாப்பிட்டா ஐ.வி.எஃப். செய்யவே முடியாதுன்னு எங்க பக்கத்துல சொல்றாங்க. குழந்தைக்கும் ஆபத்தாம். அதனால கவுன்சிலிங் மட்டும் போதாதா?

---

பேச்சுத்துணை எழுதியது:

எல்லா மாத்திரையும் ஒண்ணில்ல, கரிசல். கர்ப்பத்துல கவனமாத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் இருக்கு. ஆனா கர்ப்பம் எதிர்பார்க்கிறவங்களுக்கே எழுதுற செர்ட்ரலின் மாதிரி மருந்துகளும் இருக்கு. முதல் நாளே “கரு வைக்கப் போறோம்”னு டாக்டர்கிட்ட சொல்லணும், அதுக்கு ஏத்ததைத்தான் எழுதுவார். பலன் தெரிய ரெண்டுலேருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. பெரிய தப்பு எங்க நடக்குதுன்னா, பாசிட்டிவ் வந்ததும் பயந்துபோய்த் தானாவே நிறுத்திடறாங்க. திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், படபடப்பு, திரும்பவும் சோர்வு. நிறுத்தணுமா வேண்டாமான்னு ரெண்டு டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். 15 மார்க்குக்குப் பேச்சு மட்டும் போதுமா, மாத்திரையும் வேணுமாங்கிறதும் அவங்க நேர்ல பார்த்துச் சொல்ல வேண்டியது. இங்க நாம சொல்ல முடியாது.

கவுன்சிலிங் எங்கன்னு கேட்டா: ஏ.ஆர்.டி. விதிகளின்படி ஐ.வி.எஃப். செய்யுற மையத்துல கவுன்சிலர் இருந்தே ஆகணும். ஆனா சில இடத்துல அவர் வேலை பேக்கேஜ் விலை சொல்றதும் ஒப்புதல் தாள்ல கையெழுத்து வாங்குறதும் மட்டும்தான். எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னா, “நாங்க ஆறு மாசம் நிறுத்தலாம்னு யோசிக்கிறோம்”னு சொல்லிப் பாருங்க. ஏன், எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்ல ஆள். தள்ளுபடி பேச ஆரம்பிச்சா, வெளியில ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்க. இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ.-யோட பதிவு எண் இருக்கான்னு கேட்டுக்கோங்க. பணம் தடைன்னா மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவு.

முதல் சந்திப்பு முக்கால் மணி, ஒரு மணி நேரம் எடுக்கும். தம்பதியைச் சேர்த்து ஒரு தடவை, அப்புறம் தனித்தனியா ஒரு தடவை பார்க்கணும்னு கேளுங்க. தனியா இருக்கும்போதுதான் கணவர் சாம்பிள் விஷயத்தையும், மனைவி அந்த மூணு மணி உட்கார்தலையும் சொல்லுவாங்க. வாட்ஸ்அப் குழுவில இருந்தா பீட்டா நாளுக்கு முன்னாடி பின்னாடி பத்து நாள் ம்யூட்ல போடச் சொல்லுங்க, யாரோட ரெண்டு கோடு படமும் அன்னிக்குக் கண்ணுல பட வேண்டாம்.

---

நூல்கண்டு எழுதியது:

வியாழக்கிழமை போயிட்டு வந்தோம். மாத்திரை எழுதியிருக்கார், கர்ப்பம் எதிர்பார்க்கிறதை முதல்லயே சொல்லிட்டோம். ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னார். மாப்பிள்ளையும் உள்ள வந்தார், வாயே திறக்கல. வெளியில வந்து வண்டிச் சாவியைக் கையில உருட்டிட்டே “மூணு மாசம் தள்ளினா உண்மையிலேயே ஒண்ணும் ஆகாதா?”ன்னு என்கிட்ட கேட்டார். லேப்ல கேட்கச் சொல்லி நம்பர் கொடுத்திருக்கேன்.

வளைகாப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. தங்கச்சி போகலைங்கிறா. மாப்பிள்ளை அவங்க அம்மாகிட்ட பேசுறேன்னார், இன்னும் பேசல.